ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு எழுதிய கடிதம்

இந்தக் கதை 2025 ஜனவரியில் நடந்தது. புத்தாண்டு முடிந்து ஆபீஸ் திறந்த முதல் வாரமே பே-ரோல் பிரிவிலிருந்து வழக்கமான மெயில் வந்துவிட்டது. 2024-25 நிதியாண்டுக்கான முதலீட்டு, வாடகை ஆதாரங்களை ஜனவரி 20க்குள் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மீதி மாதங்களின் சம்பளத்தில் வரியைக் கூடுதலாகப் பிடிப்பார்கள்.

நான் அன்று மாலையே ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பினேன். "அம்மா, ஆபீஸ்ல கேக்கறாங்க. உங்க பான் நம்பரும் 12 மாச ரசீதும் அவசரமா வேணும்." நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து ஹைதராபாத்தில் இருக்கும் அவருடைய மகன் தன் பான் கார்டின் படத்தை மட்டும் அனுப்பினார். வாடகை மகன் கணக்குக்குத்தான் போகிறது, ஆகவே அதுவே சரி என்று நானும் ஏற்றிவிட்டேன். ஜனவரி 10 அன்று அது திரும்பி வந்தது. அக்ரிமென்ட்டில் இருக்கும் உரிமையாளர் பெயரும் பான் பெயரும் பொருந்தவில்லை என்று ஒரு குறிப்பு. கூடவே இன்னொரு குறிப்பு: நான் எழுதியிருந்த வாடகைத் தொகையும் அக்ரிமென்ட் தொகையும் பொருந்தவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. நான் கேட்ட விதமே தவறு. 68 வயது அம்மாவுக்கு, பான் நம்பர் கேட்டு வரும் செய்திகளை நம்பாதே என்று மகனும் வங்கியும் டிவியும் சொல்லிக்கொண்டிருக்கும் நாளில், காரணமே சொல்லாமல் 'அவசரம்' என்று எழுதினால் அவர் என்ன செய்வார்? என்ன வேண்டும், எதற்கு வேண்டும், அதனால் அவருக்கு என்ன ஆகும் என்பதை முழுதாக எழுதிக் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் கடிதத்தைக் கீழே தருகிறேன். அதற்கு முன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு தெளிவாக இருந்தால்தான் கடிதம் தெளிவாக இருக்கும்.

என் அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000. வீட்டு வாடகைப்படி, அதாவது எச்.ஆர்.ஏ., மாதம் 20,000. வேளச்சேரியில் குடியிருக்கிறேன். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 10(13A) பிரிவு மூன்று தொகைகளைப் பார்க்கச் சொன்னது. ஆபீஸ் கொடுத்த வாடகைப்படி; கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதத்தைக் கழித்தால் வரும் தொகை; சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி. இந்த மூன்றில் எது மிகக் குறைவோ அதற்குத்தான் வரிவிலக்கு. அகவிலைப்படி ஓய்வூதியக் கணக்கில் சேருமானால் அதையும் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது கிடையாது.

வாடகை ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 18,000. செப்டம்பரில் அக்ரிமென்ட் புதுப்பித்தபோது 19,000 ஆனது. ஐந்து மாதத்துக்கு 90,000, ஏழு மாதத்துக்கு 1,33,000, ஆக மொத்தம் 2,23,000. இதில் ஆண்டு அடிப்படைச் சம்பளமான ஆறு லட்சத்தின் பத்து சதவீதம், 60,000, கழிந்தால் 1,63,000. ஆபீஸ் கொடுத்த படி 2,40,000. சம்பளத்தில் பாதி 3,00,000. ஆகவே எனக்கு விலக்கு 1,63,000. நான் 20 சதவீத வரி அடுக்கில் இருந்ததால், செஸ்ஸோடு சேர்த்து 33,904 ரூபாய் மிச்சம். அந்த ரசீதுகளின் மதிப்பு அவ்வளவு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். எனக்கு ஊரில் கட்டிய வீட்டின் கடன் வட்டியும், அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீடும் இருந்ததால் 2024-25இல் பழைய முறையே லாபமாக இருந்தது. 2025-26 முதல் புதிய முறையில், சம்பளக்காரருக்கு நிலையான கழிவையும் சேர்த்து 12,75,000 வரை வரியே இல்லை. ஆகவே ஓனரிடம் கேட்கப் போகும் முன், உங்களுக்கு இந்த ரசீது தேவைதானா என்று இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேவையில்லாமல் ஒருவருடைய பான் எண்ணைக் கேட்டு அவரைக் கலங்கடிக்க வேண்டாம்.

இனி நான் செய்த தவறு. மாதாமாதம் நான் அனுப்பியது 20,000. அதில் 18,000 வாடகை, 2,000 குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம். ஓனர் வழியாகச் சங்கத்துக்குப் போகும் பணம் அது. செப்டம்பரிலிருந்து 21,000. நான் வங்கிக் கணக்கைப் பார்த்து மொத்தத் தொகையையும் வாடகை என்று எழுதிவிட்டேன். அக்ரிமென்ட்டில் வாடகை தனியாகவும் பராமரிப்பு தனியாகவும் போட்டிருக்கிறது. எச்.ஆர்.ஏ. கணக்கில் வாடகை மட்டும்தான் சேரும். பராமரிப்பு, தண்ணீர் லாரி, கரண்ட் பில் எதுவும் சேராது. குடிவந்தபோது கொடுத்த அட்வான்ஸும் சேராது. அது திரும்பி வரும் பணம்.

இன்னொரு சிக்கல் ஜூன் மாதம். மோட்டார் பழுதானபோது நானே ஆளைக் கூப்பிட்டு 3,500 கொடுத்துச் சரிசெய்தேன். அம்மா, "வாடகையில கழிச்சுக்கோம்மா" என்றார். அதனால் அந்த மாதம் வங்கியில் போனது 16,500 மட்டும். வாடகை குறையவில்லை. அவர் செய்ய வேண்டிய செலவை நான் செய்து கழித்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் வங்கி அறிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது. ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டு, மோட்டார் பில்லும் கூட இருந்தால்தான் அந்த மாதத்துக்கு 18,000 என்று ரசீது நிற்கும். ரசீதைத் தவிர ஒரு வருடக் கணக்கும் வேண்டும் என்று நான் கேட்டதற்கு இதுவே காரணம். ரசீது அந்தந்த மாதத்தை மட்டும் சொல்லும். வாடகை ஏறியதையும் கழித்ததையும், எந்தத் தேதியில் பணம் போனது என்பதையும் ஒரே தாளில் காட்டுவது வருடக் கணக்குதான்.

தேதி ஏன் முக்கியம் என்றால், பல வீடுகளில் மாதம் முடிந்த பிறகு வாடகை கொடுப்பார்கள். அப்படியிருந்தால் ஏப்ரல் 5 அன்று போன பணம் மார்ச் மாத வாடகை, அதாவது முந்தைய நிதியாண்டின் வாடகை. 'எந்த மாதத்துக்கு' என்று ஒரு கட்டமும் 'எந்தத் தேதியில்' என்று ஒரு கட்டமும் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. நான் அந்தந்த மாத வாடகையை அந்தந்த மாதம் 5ஆம் தேதிக்குள் அனுப்புகிறவள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதோ கடிதம்.

வேளச்சேரி, 12.01.2025

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். தங்கள் வேளச்சேரி வீட்டில் 2023 அக்டோபர் முதல் குடியிருக்கிறேன். போன வாரம் காரணம் சொல்லாமல் தங்கள் பான் எண்ணைக் கேட்டுவிட்டேன். அது தங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். மன்னிக்கவும்.

என் சம்பளத்தில் வீட்டு வாடகைக்கென்று ஒரு பகுதி வருகிறது. நான் வாடகை கொடுத்ததற்கு ஆதாரம் காட்டினால் அந்தப் பகுதிக்கு வரி குறையும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் நான் ஆபீஸில் தர வேண்டும். அதற்காகவே கேட்கிறேன்.

தங்களிடம் கேட்பவை இவை. 2024 ஏப்ரல் முதல் 2025 ஜனவரி வரை பத்து மாத ரசீதுகளில் தங்கள் கையெழுத்து வேண்டும். ரசீதுகளை நானே நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டாவதாக, இத்துடன் உள்ள வருடக் கணக்கைச் சரிபார்த்து அதிலும் கையெழுத்திட வேண்டும். மூன்றாவதாக, தங்கள் பான் கார்டின் நகல் ஒன்று. அதன் குறுக்கே 'வாடகை ஆதாரத்துக்கு மட்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வேறு எதற்கும் அது பயன்படாது.

கணக்கு இதுதான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 18,000 வீதம் 90,000. செப்டம்பர் முதல் ஜனவரி வரை மாதம் 19,000 வீதம் 95,000. பத்து மாத வாடகை 1,85,000. பத்து மாதப் பராமரிப்பு 20,000. ஜூன் மாதம் மோட்டார் பழுதுக்கு நான் கொடுத்து, தங்கள் சம்மதத்தோடு கழித்துக்கொண்டது 3,500. வங்கி வழியாக அனுப்பியது 2,01,500. ஒவ்வொரு மாதமும் பணம் போன தேதி தனித்தாளில் இருக்கிறது.

தாங்கள் கேட்டுக்கொண்டபடி பணம் தங்கள் மகன் கணக்குக்குப் போகிறது. வீடு தங்கள் பெயரில் இருப்பதால், அந்தப் பணம் தங்கள் சார்பில் பெறப்பட்ட வாடகையே என்று கணக்கின் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அது சரியென்றால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

தங்கள் பான் எண்ணை நான் கொடுத்தால் இந்த வாடகை வரித்துறையின் பார்வைக்கு வரும். அதை மறைத்துத் தங்களிடம் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. தங்கள் மகனிடமும், தேவைப்பட்டால் ஆடிட்டரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தொகையாவது தவறாக இருந்தால் தாளிலேயே திருத்துங்கள், நான் மாற்றி எழுதி வருகிறேன். பிப்ரவரி, மார்ச் மாத ரசீதுகளுக்கு அந்த வாடகைகளைக் கொடுத்த பிறகு வருகிறேன்.

ஆபீஸில் ஜனவரி 20க்குள் தர வேண்டும். தங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டில் குடியிருப்பவள்

(கையெழுத்துக்குக் கீழே பெயர், வீட்டு எண், கைபேசி எண்ணை எழுதினேன்.)

பிப்ரவரி, மார்ச் ரசீதுகளைக் கடிதத்தில் நான் முன்கூட்டியே கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 12 மாதத்துக்கும் ஜனவரியிலேயே கையெழுத்து வாங்கி வைப்பது பலரின் பழக்கம், வாட்ஸ்அப்பில் நானும் அப்படித்தான் கேட்டிருந்தேன். கொடுக்காத பணத்துக்கு ரசீது கேட்பது தவறு. பிப்ரவரியில் வீடு மாற நேர்ந்தால் அந்த ரசீது பொய்யாகிவிடும். எங்கள் பே-ரோலில் கடைசி இரண்டு மாதங்களுக்கு நானே எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்றுக்கொண்டார்கள். உரிமையாளர் விவரங்களைக் கேட்ட 12BB படிவத்தில் ஆண்டு வாடகை 2,23,000 என்று எழுதினேன்.

ரெவின்யூ ஸ்டாம்ப் பற்றியும் கேட்பார்கள். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வாடகைக்கு ரசீதில் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் பாதி விழும்படி கையெழுத்து வாங்க வேண்டும். நான் வங்கி வழியாகத்தான் அனுப்பினேன். ஆனாலும் ஸ்டாம்ப் இல்லை என்று ஒரு ரசீது திரும்பி வந்தால் மறுபடி அம்மா இருக்கும் மடிப்பாக்கம் வரை போய் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டும். தபால் ஆபீஸில் பத்து ஸ்டாம்ப் வாங்கி ஒட்டியே கொண்டுபோனேன்.

கொடுத்த வாடகைக்கு ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அதைக் கடிதத்தில் எழுத வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்து விட்டுவிட்டேன். சட்டத்தைக் காட்டினால் ரசீது கிடைக்கலாம், ஆனால் அந்தச் சட்டத்தால் பான் எண் கிடைக்காது. அதை அவர் மனமுவந்துதான் தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடிதத்தோடு நேரில் போனேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு, "ஏம்மா, இத்தனை வருஷம் இல்லாம இப்ப எனக்கு வரி வந்துடுமா?" என்று கேட்டார். அவர் பயம் முழுதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. மகனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அம்மா சொன்ன தொகைகளை வைத்து மூவருமாகக் கணக்குப் போட்டோம்.

வாடகை 2,23,000. அவர் கட்டிய மாநகராட்சிச் சொத்து வரி ஆண்டுக்கு 6,000. அதைக் கழித்தால் 2,17,000. இதில் பழுதுபார்ப்பு முதலியவற்றுக்கென்று, உண்மையில் எவ்வளவு செலவழித்தாலும், சட்டப்படி 30 சதவீதம் கழியும். அது 65,100. மிச்சம் 1,51,900தான் வாடகை வருமானமாகக் கணக்கில் வரும். அவருடைய குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000, ஆண்டுக்கு 2,16,000. இரண்டையும் கூட்டினால் 3,67,900. 2024-25இல் புதிய முறையில் ஏழு லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் வரி ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் மூன்று லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் போட வேண்டும். இதை நான் மறைக்காமல் சொன்னேன். மகன் தன் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு மாலையில் கூப்பிட்டு, கணக்கு சரி, அம்மாவுக்கும் ரிட்டர்ன் போட்டுவிடுகிறேன் என்றார்.

தன் பான் ஏன் செல்லாது என்பதும் அப்போதுதான் மகனுக்கு விளங்கியது. வீட்டு வாடகை வீட்டின் உரிமையாளருக்கு உரிய வருமானம். பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதைப் பொறுத்ததல்ல. என் ரசீதின் பேரில் அவர் பான் பதிவாகியிருந்தால், தனக்கு உரியதல்லாத வருமானத்துக்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பிப்ரவரியிலிருந்து வாடகையைத் தன் கணக்குக்கே அனுப்பச் சொன்னார் அம்மா.

இந்த இடத்தில் வெளிநாட்டில் குடியேறிய ஓனர்களின் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உரிமையாளர் வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசி என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் வாடகைதாரரே 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உள்ளூர் ஓனர் என்றால் மாத வாடகை 50,000ஐத் தாண்டினால் மட்டும்தான் பிடித்தம். 'ஓனர் எங்கே இருக்கிறார்' என்பதை வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள். ரசீது கேட்கும் ஜனவரியில் தெரிந்தால் அதற்குள் பத்து மாதம் பிடிக்காமல் விட்டிருப்பீர்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். ஆகஸ்ட்டில் முடிந்த பழைய அக்ரிமென்ட், செப்டம்பரில் தொடங்கிய புதியது, பத்து ரசீதுகள், கையெழுத்திட்ட வருடக் கணக்கு, மோட்டார் பில், அம்மாவின் பான் நகல், வங்கி அறிக்கை. இரண்டு அக்ரிமென்ட்டும் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 11 மாத ஒப்பந்தம் என்றால் பெரும்பாலும் ஒரே நிதியாண்டில் இரண்டு தாள் வரும். திங்கட்கிழமை ஒரே ஒரு கேள்வி வந்தது, ஜூன் மாதம் 16,500 ஏன் என்று. வருடக் கணக்கில் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, பில்லோடு பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒருவேளை 20ஆம் தேதிக்குள் கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த 33,904 போயிருக்காது. ஆபீஸ் கூடுதலாகப் பிடித்திருக்கும், நான் ரிட்டர்ன் போடும்போது விலக்கைக் கேட்டுத் திரும்பப் பெற்றிருக்கலாம். அப்போதும் இதே தாள்கள்தான் கையில் இருக்க வேண்டும். ஆகவே கடைசி நாள் தாண்டிவிட்டது என்று ரசீது வாங்காமல் விட்டுவிடாதீர்கள்.

மார்ச் 5 அன்று அம்மாவின் கணக்குக்கு வாடகை அனுப்பிவிட்டு, அந்த வார இறுதியில் போய் மீதி இரண்டு ரசீதுகளிலும் கையெழுத்து வாங்கினேன். ஜூன் மாதம் வந்த படிவம் 16இல், 10(13A) என்ற வரிக்கு நேராக 1,63,000 என்று இருந்தது.